ரோபோ வாக்குவம் கிளீனரின் வரைபடத்தைக் கெடுக்கும் தவறுகள்

2002-இல் வந்த முதல் ரூம்பா என்ற ரோபோ வாக்குவம் கிளீனருக்கு வரைபடம் என்று ஒன்று கிடையாது. முட்டிய இடத்தில் திரும்பி, போன போக்கில் பெருக்கும். இன்று விற்கும் பல கருவிகளின் தலையில் சிறு கோபுரம் ஒன்று சுழல்கிறது. அதிலிருந்து கிளம்பும் லேசர், எதிரே பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. சக்கரங்கள் எத்தனை சுற்று உருண்டன என்ற கணக்கையும் இதோடு சேர்த்து, தான் எங்கே நிற்கிறது, சுவர் எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் கருவி ஒரே நேரத்தில் கண்டுபிடித்துக்கொள்கிறது.

இந்தக் கருவிக்கு அறை முழுவதும் தெரியும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன. லேசர் பார்ப்பது தரையிலிருந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரே ஒரு கிடைமட்டக் கோட்டை மட்டுமே. அதற்குக் கீழே கிடக்கும் சார்ஜர் வயரும் காலுறையும் அதற்கு இல்லாத பொருள்கள். லேசர் மட்டுமே உள்ள கருவியை ஓடவிடும்முன் வயர்களைச் சுருட்டி எடுக்காவிட்டால், பிரஷ்ஷில் சிக்கிய பிறகுதான் அதற்கே விஷயம் தெரியும்.

முகம் பார்க்கும் கண்ணாடி விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பீரோக் கதவில் இடுப்பு உயரத்தில் பதித்த கண்ணாடியால் தொல்லை இல்லை; லேசர் அதற்குக் கீழேயே போய்விடுகிறது. தரை வரை இறங்கும் கண்ணாடிக் கதவு வைத்த அலமாரிதான் சிக்கல். கருவி அதற்கு ஒன்றரை மீட்டர் முன்னால் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கதிர் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, கண்ணாடியிலிருந்து 2 மீட்டர் தள்ளியிருக்கும் கட்டில் காலில் பட்டு, வந்த வழியே திரும்புகிறது. கருவியின் கணக்கில், நேர் எதிரே மூன்றரை மீட்டரில் ஒரு கால். ஆகவே கண்ணாடிக்கு அப்பால், 2 மீட்டர் உள்ளே, இல்லாத கட்டிலை வரைந்துவிடுகிறது. செல்பேசிச் செயலியில் சுவரைத் தாண்டி விசிறிபோல் விரியும் ஓர் அறை தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். செயலியில் தடைக்கோடு போட்டால் கருவி அந்தப் பக்கம் போகாது. ஆனால் லேசர் பார்ப்பதை அந்தக் கோடு தடுக்காது. கோபுரத்தின் உயரத்தில், கண்ணாடியின் குறுக்கே பளபளப்பில்லாத காகித டேப்பை ஒட்டிவிட்டு, வரைபடத்தை அழித்து மறுபடி வரையவிட வேண்டும்.

முதல் வரைபடம் வரையும் நாளில் அறைக் கதவு மூடியிருந்தால் கருவிக்கு அதுவும் சுவர்தான். ஆகவே எல்லாக் கதவுகளையும் திறந்து வையுங்கள். நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்து வரையவிடுவதும் வேண்டாம். அன்றாடம் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் கருவியைக் கையில் தூக்கி வேறு அறையில் வைப்பதும் வழக்கமான தவறு. தரையை விட்டு எழும்பியதைச் சக்கரங்கள் கீழே தொங்குவதிலிருந்து அது உணர்ந்துகொள்ளும். ஆனால் எங்கே கொண்டுபோனீர்கள் என்று அதற்குத் தெரியாது. சுற்றிலும் பார்த்து, பழைய வரைபடத்தோடு பொருத்தித் தேடும். ஒரே அளவில் இரண்டு படுக்கையறைகள் இருந்தால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளவும் கூடும். அப்போது ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்த இரட்டைச் சுவர்கள் செயலியில் தெரியும். உடனே நிறுத்தி, சார்ஜ் ஏறும் இடத்திலிருந்து மீண்டும் கிளப்புவதே நல்லது.

இன்னொன்று ஆபத்தானது. கருவியின் அடியில் படிக்கட்டு விளிம்பைக் கண்டுபிடிக்கும் அகச்சிவப்பு உணரிகள் உண்டு. கீழே அனுப்பிய ஒளி திரும்பி வராவிட்டால் அங்கே பள்ளம் என்று முடிவுகட்டிக் கருவி பின்வாங்கும். கறுப்புக் கம்பளம் அந்த ஒளியை உறிஞ்சிவிடுவதால், அதன் ஓரம் வந்ததும் சில கருவிகள் மிரண்டு திரும்புகின்றன. இதற்கு உணரிகளின்மேல் டேப் ஒட்டும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மாடிப்படி உள்ள வீட்டில் அது கருவியை உருட்டிவிடும் ஏற்பாடு. கம்பளத்தை எடுத்துவிடலாம், அல்லது அந்தப் பகுதியைத் தடைசெய்யலாம். வெளிர்நிறத் தரையிலும் இப்படி மிரண்டால் உணரிகளில் தூசி படிந்திருக்கும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

“நாள்பட நாள்படத் தானே கற்றுக்கொள்ளும்” என்று விற்பனையாளர் சொல்வதையும் அளந்தே நம்ப வேண்டும். வீட்டில் நடக்கும் கற்றல் எளிமையானது: வரைபடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கட்டத்தில் பொருள் இருக்கிறதா, இல்லையா என்ற நம்பிக்கையைச் சற்றே கூட்டிக் குறைப்பது. அதனால்தான் நகர்த்திய சோபாவின் தடம் வரைபடத்திலிருந்து மறையச் சில சுற்றுகள் ஆகலாம். செருப்பையும் வயரையும் கேமராவால் அடையாளம் காணும் திறமை வேறு வகை. பெரும்பாலும் அது தொழிற்சாலையிலேயே ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கி அனுப்பியது. அந்தப் படங்களில் இல்லாத பொருளை அது தவறவிடலாம். தனி விளக்கு இல்லாத கேமராக் கருவியை இருட்டில் ஓடவிட்டால், பழக்கிய பொருளும் அதற்குத் தெரியாது.