55.4 வோல்ட்டில் கட் ஆன லித்தியம் பேக்

கடலூர் முதுநகரில் ஒரு வீடு. 16 செல் எல்எஃப்பி பேக். மதியம் சோலார் ஏறும்போது பேட்டரி பட்டென்று விலகிவிடும். இன்வெர்ட்டரில் சார்ஜ் அளவு 56.8 வோல்ட், ஆனால் 55.4-லேயே கட்.

பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் பிஎம்எஸ் போர்டு மொத்த வோல்ட்டை மட்டும் பார்ப்பதில்லை, ஒவ்வொரு செல்லையும் பார்க்கிறது. 15 செல் 3.45-ல் இருக்க, ஒன்று மட்டும் 3.65 தொட்டுவிட்டது. உடனே பிஎம்எஸ் தன் மாஸ்ஃபெட் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டது. அது சரியான வேலைதான்.

ஆனால் அதற்கு முன்பே பிஎம்எஸ் "கரன்ட்டைக் குறை" என்று, இரண்டும் தகவல் பரிமாறும் கேன் கேபிள் வழியே இன்வெர்ட்டருக்குச் சொல்லியிருக்க வேண்டும். நொடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் போகும் அந்தத் தகவலில், 0x351 எண் செய்தியில்தான் சார்ஜ் வோல்ட், கரன்ட் வரம்பு இருக்கும். இங்கே அது போய்ச் சேரவே இல்லை.

பேட்டரி, இன்வெர்ட்டர் இரண்டையும் ஆஃப் செய்து, பேட்டரிப் பக்கப் பிளக்கை மட்டும் கழற்றி, கேன் ஹை, கேன் லோ பின்களுக்கிடையே மீட்டர் வைத்தேன். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் 120 ஓம் ரெசிஸ்டரைக் காட்ட வேண்டும், ஓப்பன் என்றது. இன்வெர்ட்டர் பக்கப் பிளக்கில், உப்புக் காற்றில் ஒரு பின் பச்சை பூத்திருந்தது.

பிளக்கை வெட்டி, புதிது கிரிம்ப் செய்தேன். பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேனுவலைப் பார்க்காமல் சாதா லேன் கேபிள் போடாதீர்கள். பிளக் மாற்றியதும் 120. பேட்டரிப் பக்கமும் உள்ள 120 சேர்ந்தபின் 60 ஓம். இன்வெர்ட்டரில் பேட்டரி வகையை லித்தியம் கேன் என வைத்ததும், அதிக வோல்ட் உள்ள செல் 3.5 தாண்டும்போது சார்ஜ் கரன்ட் தானே இறங்கியது.