சோடியம்-பொட்டாசியம் பம்ப்: ஒரு சுற்றில் நடப்பது என்ன, ஏடிபி எதற்கு?

மனித சிவப்பணு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்குள் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் பொட்டாசியமும் 10 மில்லிமோல் சோடியமும் இருக்கின்றன. அது மிதக்கும் பிளாஸ்மாவில் நிலைமை தலைகீழ்: சோடியம் 145, பொட்டாசியம் 4. செல் சவ்வு முழுக்க அடைபட்ட சுவர் அல்ல. சோடியம் மெதுவாக உள்ளே கசிகிறது, பொட்டாசியம் மெதுவாக வெளியே கசிகிறது. அப்படியே விட்டால் இந்த வேறுபாடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும். கசிந்ததைத் திருப்பி அனுப்புவதுதான் சவ்வில் பதிந்திருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பின் வேலை. ஒரு சுற்றுக்கு மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே, செலவு ஒரு ஏடிபி.

இந்தக் கணக்கைப் பலரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஏன் மூன்றும் இரண்டும், ஏடிபி எந்த இடத்தில் நுழைகிறது, அது இல்லாவிட்டால் எந்தப் படியில் பம்ப் நிற்கும் என்று கேட்டால்தான் தடுமாற்றம். அதனால் சிவப்பணுவை விட்டு விலகாமல் ஒரு முழுச் சுற்றைப் பார்ப்போம்.

முதலில் பாகங்கள்

பம்ப் என்பது ஒரு புரதம். அதன் பெரிய பகுதிக்கு ஆல்ஃபா என்று பெயர். அது சவ்வைப் பத்து முறை குறுக்காகக் கடந்து செல்கிறது. அயனிகள் உட்காரும் இடங்கள் சவ்வின் நடுப்பகுதியில் இருக்கின்றன, ஏடிபி உட்காரும் இடம் செல்லின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையே நல்ல தூரம் உண்டு. உள்பக்கம் நடக்கும் வேதிவினை, புரதத்தின் வடிவத்தை அசைத்துத்தான் அயனி இடங்களை மாற்ற முடியும். பீட்டா என்ற சிறிய பகுதி, ஆல்ஃபா சரியாக மடிந்து சவ்வுக்குப் போய்ச் சேர உதவுகிறது.

அயனிகளுக்கு மொத்தம் மூன்று இடங்கள். அவற்றில் இரண்டை சோடியமும் பொட்டாசியமும் மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. மூன்றாவது இடம் சோடியத்துக்கு மட்டும். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கு இங்கிருந்துதான் வருகிறது.

ஒரு சுற்று

படி 1. பம்ப் செல்லின் உள்பக்கம் திறந்திருக்கிறது. ஏடிபி ஏற்கெனவே தன் இடத்தில் மக்னீசியத்தோடு உட்கார்ந்திருக்கிறது. இந்த வடிவத்தில் அயனி இடங்களின் அளவு சோடியத்துக்குப் பொருந்துகிறது. வெளியே இருப்பதோடு ஒப்பிட்டால் உள்ளே சோடியம் மிகக் குறைவு. ஆனாலும் பிடிமானம் வலுவாக இருப்பதால் மூன்று சோடியம் அயனிகள் வந்து அமர்கின்றன.

படி 2. மூன்று இடமும் நிறைந்த பிறகே ஏடிபி வெட்டப்படுகிறது. அதன் கடைசி பாஸ்பேட், புரதத்தில் உள்ள ஓர் ஆஸ்பார்டேட்டின் மேல் போய் ஒட்டுகிறது. அதே வேளையில் உள்பக்க வாசல் மூடிக்கொள்கிறது. வெளிவாசல் இன்னும் திறக்கவில்லை. சோடியம் நடுவில் சிறைப்பட்டிருக்கிறது.

இந்தப் படியை நன்றாகக் கவனியுங்கள். சோடியம் வராமல் பாஸ்பேட் ஏறாது என்ற நிபந்தனை இருப்பதால்தான் ஏடிபி வீணாவதில்லை. இரு வாசல்களும் ஒருசேரத் திறப்பதில்லை என்பதும் அவ்வளவு முக்கியம். ஒரு கணம் இரண்டும் திறந்தால் அது பம்ப் இல்லை, வெறும் ஓட்டை. நொடிக்கு லட்சக்கணக்கான அயனிகள் சரிவில் இறங்கி ஓடிவிடும்.

படி 3. ஏடிபி வெட்டப்பட்டதில் மிஞ்சிய பகுதி கழன்று போகிறது. புரதம் வடிவம் மாறி வெளிவாசலைத் திறக்கிறது. புதிய வடிவத்தில் சோடியத்தின் மேல் இருந்த பிடி தளர்ந்துவிடுகிறது. வெளியே 145 மில்லிமோல் சோடியம் இருந்தும், மூன்று அயனிகளும் ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன.

இங்கே பெயரில் ஒரு குழப்பம் வரும்: ஏடிபியில் மூன்று பாஸ்பேட், கழன்று போவதில் இரண்டு. இரண்டு பாஸ்பேட் உள்ளதை ஏடிபி என்று எழுதினால் தவறு, அது அடினோசின் டைபாஸ்பேட். இனிமேல் அதை டைபாஸ்பேட் என்றே குறிப்பிடுகிறேன்.

படி 4. இப்போது இடங்கள் பொட்டாசியத்துக்குப் பொருந்தும் அளவில் இருக்கின்றன. பொட்டாசியம் அயனி சோடியத்தைவிடப் பெரியது; ஆரம் முறையே 0.138, 0.102 நானோமீட்டர். வெளியே 4 மில்லிமோல்தான் இருந்தாலும் இரண்டு பொட்டாசியம் வந்து அமர அது போதும்.

படி 5. பொட்டாசியம் அமர்ந்ததும் வெளிவாசல் மூடுகிறது. ஒரு நீர் மூலக்கூறு ஆஸ்பார்டேட்டிலிருந்து பாஸ்பேட்டை வெட்டிவிடுகிறது. பொட்டாசியம் வராமல் இந்த வெட்டு வேகமாக நடக்காது. சோடியம் வந்தால்தான் பாஸ்பேட் ஏறும், பொட்டாசியம் வந்தால்தான் இறங்கும்.

படி 6. பொட்டாசியம் நடுவில் சிறைப்பட்டிருக்கும் இந்த நிலை மிகவும் நிலையானது. தானாகத் திறக்கும், ஆனால் மிக மெதுவாக. புதிய ஏடிபி ஒன்று வந்து உட்கார்ந்ததும் உள்வாசல் சட்டென்று திறக்கிறது, பொட்டாசியம் இரண்டும் உள்ளே இறங்குகின்றன. இங்கே ஏடிபி வெட்டப்படுவதில்லை, வந்து அமர்வதே போதும். அதே ஏடிபிதான் அடுத்த சுற்றின் இரண்டாம் படியில் வெட்டப்படும். ஆகவே ஏடிபிக்கு இரண்டு வேலை, செலவு மட்டும் ஒன்று.

ஏன் ஏடிபி: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"சரிவுக்கு எதிராகத் தள்ளுவதால் ஆற்றல் வேண்டும்" என்று சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். எவ்வளவு ஆற்றல் என்று பார்த்தால்தான் விஷயம் தெளிவாகும். உடல் வெப்பநிலையில் RT என்பது மோலுக்கு 2.58 கிலோஜூல். சிவப்பணுவின் உள்பக்கம் வெளியைவிடச் சுமார் 10 மில்லிவோல்ட் எதிர்மின்.

```
Na+ : 3 × 2.58 × ln(145/10) = 20.7 kJ
K+  : 2 × 2.58 × ln(140/4)  = 18.3 kJ
மின்னழுத்தம் : 1 × 96.5 × 0.010 = 1.0 kJ
மொத்தம் = 40 kJ
```

மூன்றாவது வரியில் ஏன் 1 மட்டும்? மூன்று நேர்மின் சுமை வெளியே போய் இரண்டு உள்ளே வருவதால், நிகரமாகக் கடப்பது ஒன்றுதான். உள்ளே 70 மில்லிவோல்ட் எதிர்மின்னாக இருக்கும் நரம்பு செல்லில் இதே செறிவுகளை வைத்துக்கொண்டாலும் அந்த வரி 6.8 ஆகும், மொத்தம் 46ஐ ஒட்டி நிற்கும். (அந்த 70 மில்லிவோல்ட்டை பம்ப்தான் நேரடியாக உண்டாக்குகிறது என்று நினைப்பது பரவலான தவறு. பம்பின் நேரடிப் பங்கு சில மில்லிவோல்ட்தான். பெரும்பகுதி, பம்ப் சேர்த்து வைத்த பொட்டாசியம் தன் கால்வாய்கள் வழியே வெளியே கசிவதால் வருவது.)

இப்போது வரவைப் பார்ப்போம். பாடநூல்களில் ஏடிபி வெட்டப்பட்டால் 30.5 கிலோஜூல் என்று இருக்கும். செலவோ 40. அப்படியானால் பம்ப் ஓடவே கூடாது. அந்த 30.5 என்பது ஒவ்வொரு பொருளும் லிட்டருக்கு ஒரு மோல் வீதம் இருக்கும் திட்ட நிலைக்கான எண். உயிருள்ள செல்லில் ஏடிபி அதிகமாகவும் டைபாஸ்பேட் மிகக் குறைவாகவும் வைக்கப்பட்டிருப்பதால், வெட்டுக்குக் கிடைப்பது 50 முதல் 60 கிலோஜூல் வரை. 40ஐக் கட்டிவிட்டுக் கொஞ்சம் மிஞ்சுகிறது. பம்பை முன்னோக்கி ஓட வைப்பது அந்த மிச்சம்தான்.

ஆகவே ஏடிபி இருந்தால் மட்டும் போதாது, டைபாஸ்பேட் குறைவாகவும் இருக்க வேண்டும். இதை 1960இல் கால்டுவெல், ஹாட்ஜ்கின், கெய்ன்ஸ், ஷா ஆகியோர் கணவாயின் பெரிய நரம்பிழையில் பார்த்தார்கள். சயனைடு கொடுத்து ஏடிபி உற்பத்தியை நிறுத்தியதும் சோடியம் வெளியேற்றம் விழுந்துவிட்டது. ஊசியால் ஏடிபியைச் செலுத்தியபோது வெளியேற்றம் ஓரளவு திரும்பியது, ஆனால் வெளியிலுள்ள பொட்டாசியத்தோடு அதற்கிருந்த இயல்பான பிணைப்பு திரும்பவில்லை. டைபாஸ்பேட்டை மீண்டும் ஏடிபியாக மாற்றக்கூடிய ஆர்ஜினின் பாஸ்பேட்டைச் செலுத்தியபோதுதான் அந்தப் பிணைப்பும் வந்தது.

கணக்கு இருபக்கமும் செல்லும். சிவப்பணுவில் சரிவுகளை மிகச் செங்குத்தாக்கி, டைபாஸ்பேட்டையும் பாஸ்பேட்டையும் கூட்டி வைத்தால் பம்ப் பின்னோக்கி ஓடி ஏடிபியை உண்டாக்குகிறது. 1960களிலேயே இதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

பம்ப் நின்றால் எப்படித் தெரியும்?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இதை அன்றாடம் பார்க்கலாம். பொட்டாசியம் பார்க்க எடுத்த ரத்தத்தை, சிவப்பணுக்களைப் பிரிக்காமல் அப்படியே ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள் என்று வையுங்கள். 4 டிகிரியில் வடிவ மாற்றப் படிகள் ஏறக்குறைய உறைந்துபோகும், கசிவு அந்த அளவுக்குக் குறையாது. சில மணி நேரத்தில் பிளாஸ்மாவின் பொட்டாசியம் ஏறிவிடும். நோயாளியின் உடலில் அளவு சரியாக இருக்கும், டியூபில் மட்டும்தான் கூடுதல். அணுக்கள் உடைந்திருந்தால் பிளாஸ்மா சிவந்து காட்டிக்கொடுக்கும். குளிரால் வந்த கசிவில் பிளாஸ்மா தெளிவாகவே இருக்கும், அதனால் ஏமாறுவது எளிது. புதிதாக ரத்தம் எடுத்து உடனே சுழற்றிப் பிரித்துப் பார்த்தால் எண் இறங்கிவிடும்.

அதே ரத்தத்தை 37 டிகிரியில் வைத்தால் கதை வேறு. முதல் சில மணி நேரம் பம்ப் ஓடுகிறது, பிளாஸ்மாவின் பொட்டாசியம் சற்றுக் குறையவும் செய்யலாம். சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது. குளுக்கோஸ் ஒன்றை உடைத்தால் நிகரமாக இரண்டு ஏடிபி, அதுதான் அதன் முழு வருமானம். டியூபில் குளுக்கோஸ் தீர்ந்ததும் ஏடிபி விழுகிறது, பொட்டாசியம் ஏறத் தொடங்குகிறது. முதல் நிகழ்வில் ஏடிபி இருந்தும் பம்ப் அசையவில்லை. இரண்டாவதில் பம்ப் நன்றாக இருந்தும் ஏடிபி இல்லை.

சர்க்கரை பார்க்கப் பயன்படும் சாம்பல் நிற மூடி டியூபில் உள்ள ஃபுளோரைடு, குளுக்கோஸ் உடைவதையே தடுத்துவிடுகிறது. அத்தகைய டியூப்களில் பொட்டாசியம் ஆக்சலேட்டும் சேர்ந்தே வருவது வழக்கம். இரண்டு காரணங்களாலும் அதில் பொட்டாசியம் பார்ப்பது பயனற்றது.

மூன்றாவது வகைக் கோளாறு, நேரடி அடைப்பு. இதயத்துக்குக் கொடுக்கும் டிஜாக்சின் மருந்தும், அரளியில் உள்ள நச்சும் ஒரே வேதிக் குடும்பம். அவை செல்லின் வெளிப்பக்கத்திலிருந்து, பாஸ்பேட் ஏறி வெளிவாசல் திறந்திருக்கும் பம்பில் போய் ஒட்டுகின்றன. அதாவது படி 3க்கும் 4க்கும் நடுவில். ஏடிபி எவ்வளவு இருந்தும் சுற்று அங்கேயே நிற்கும். வெளியே பொட்டாசியம் கூடினால் பம்ப் அடுத்த படிக்கு விரைந்து, மருந்து ஒட்டுவதற்கான வாய்ப்பு குறைகிறது. பொட்டாசியம் குறைந்த நோயாளிக்கு வழக்கமான டிஜாக்சின் அளவே நஞ்சாக மாறக்கூடியது இதனால்தான். சிறுநீர் பிரியும் மாத்திரையையும் டிஜாக்சினையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு மருத்துவர் பொட்டாசியத்தை அடிக்கடி பார்க்கச் சொல்வதும் இதற்காகவே.