கியர் பூட்டிய இரண்டு ஷாஃப்ட்: முறுக்குக் கோணக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினை மோட்டாரில் ஓட்டும்போது, தண்ணீர் தெறிக்கும் ரோலர் பக்கத்திலிருந்து மோட்டாரைத் தள்ளி, சுவருக்கு அப்பால் வைப்பதுண்டு. அப்படி வைத்தால் ஷாஃப்ட் நீளும். நீண்ட ஷாஃப்ட் சுமையில் முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கும் என்று கணக்குப் போடும்போது, பாலிடெக்னிக் மாணவரும் லேத் பட்டறைக்காரரும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

ஒரு மெஷினை இப்படி வைத்துக்கொள்வோம். மோட்டார் 2.2 கிலோவாட், அதாவது 3 குதிரைத்திறன். பெல்ட் இறக்கிக் கொடுத்த பிறகு முதல் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 240 சுற்று ஓடுகிறது. அதன் விட்டம் 25 மில்லிமீட்டர். புல்லியிலிருந்து பினியன் வரை 600 மில்லிமீட்டர். பினியனுக்கு 20 பல். அது 60 பல் கியரைக் கடிக்கிறது. கியர் பூட்டிய இரண்டாவது ஷாஃப்டின் விட்டம் 40. கியரிலிருந்து ரோலர் வரை 800 மில்லிமீட்டர். அது 80 சுற்று ஓடும். ரோலர் இறுகி நின்றுவிட்டது, மோட்டார் பக்கம் முழுச் சுமையில் தள்ளுகிறது என்றால், புல்லி எத்தனை டிகிரி திரும்பும்?

முதல் தவறு, இரண்டு ஷாஃப்டுக்கும் ஒரே முறுக்குவிசையைப் போடுவது. இரண்டுக்கும் பொதுவானது திறன் மட்டும்தான். வேகம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் முறுக்குவிசை மூன்று மடங்காகும். உராய்வில் போகும் சின்ன இழப்பை இங்கே விட்டுவிடலாம்.

```
T1 = 2200 × 60 / (2π × 240) = 87.5 N·m
T2 = 87.5 × 60/20           = 262.6 N·m
```

இனி ஒவ்வொரு ஷாஃப்டும் தன் அளவில் எவ்வளவு முறுக்கும் என்று பார்க்கலாம். முறுக்குக்கு எதிராக உலோகம் காட்டும் விறைப்புதான் G; எஃகுக்கு அதன் மதிப்பு 80,000 N/mm². நீளத்தை மில்லிமீட்டரில் வைத்தால் முறுக்குவிசையையும் N·mm ஆக்கிவிட வேண்டும். ஷாஃப்டின் வட்டக் குறுக்குவெட்டு முறுக்கை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது J. அதற்கு விட்டம் வைத்தால் 32-ஆல் வகுக்க வேண்டும். ஆரம் வைத்தால் 2-ஆல். இரண்டையும் கலந்துவிட்டால் விடை 16 மடங்கு தவறிப்போகும்.

```
J  = π d⁴ / 32
φ  = T L / (G J)        (ரேடியன்)

φ1 = 87535 × 600 / (80000 × 38350)   = 0.0171 = 0.98°
φ2 = 262605 × 800 / (80000 × 251327) = 0.0104 = 0.60°
```

இதுவரை சரியாக வந்தவர்களில் பலரும் அடுத்த வரியில் 0.98 + 0.60 = 1.58 டிகிரி என்று எழுதி முடித்துவிடுவார்கள். பெரிய தவறு இதுதான். 0.60 டிகிரி என்பது கியர் திரும்பும் கோணம். கியர் அவ்வளவு திரும்ப வேண்டுமானால் பினியன் அதைவிட மூன்று மடங்கு திரும்பியாக வேண்டும். பல் கடிக்கும் இடத்தில் இரண்டும் ஒரே தூரம்தான் நகரும், ஆனால் பினியனின் ஆரம் மூன்றில் ஒன்று. ஆகவே புல்லியில் தெரியும் கோணம்:

```
φ = φ1 + 3 × φ2 = 0.98 + 1.80 = 2.78°
```

சிலர் மூன்றால் பெருக்குவதற்குப் பதில் வகுப்பார்கள், 1.18 வரும். இன்னும் சிலர், இரண்டு கியரும் எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன என்று கழித்துவிடுவார்கள். திசை மாறுவது உண்மைதான், ஆனால் அதோடு முறுக்குவிசையின் திசையும் சேர்ந்தே மாறுகிறது. மோட்டார் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு முறுக்கமும் ஒரே பக்கம்தான் விழும். கழித்தலுக்கு அங்கே வேலையே இல்லை.

விடை சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. புல்லியைப் பிடித்துக்கொண்டு ரோலர் பக்கம் திருகுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கோணம் 0.60 + 0.98/3 = 0.93 டிகிரி. இது 2.78-இன் மூன்றில் ஒன்று. இரண்டு பக்கத்திலும் முறுக்குவிசையைக் கோணத்தால் பெருக்கினால் ஒரே எண் வர வேண்டும்: 87.5 × 2.78, 262.6 × 0.93. வராவிட்டால் விகிதம் எங்கோ தலைகீழாகப் போயிருக்கிறது.

விகிதம் இரண்டு தடவை வேலை செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முறுக்குவிசையைப் பெருக்கும்போது ஒரு தடவை, கோணத்தைத் திரும்பக் கொண்டுவரும்போது இன்னொரு தடவை; மொத்தம் ஒன்பது மடங்கு. அதனால்தான் பார்க்கத் தடியாக இருக்கும் 40 மில்லிமீட்டர் ஷாஃப்ட், ஒல்லியான 25-ஐவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு முறுக்கத்தைப் புல்லியில் தருகிறது. முறுக்கத்தைக் குறைக்கச் சொன்னால் பட்டறையில் கை முதலில் போவது ஒல்லியானதன் மேல்தான். 25-ஐ 28 ஆக்கினால் மொத்தம் 2.42 டிகிரிக்கு இறங்கும். அதை விட்டுவிட்டு 40-ஐ 45 ஆக்கினால் 2.10-க்கு இறங்கும். இரண்டுமே ஏறத்தாழ ஒரே சதவீதத் தடிப்புதான்.

இரும்பை மாற்றிப் பார்ப்பதும் வீண் செலவு. EN8-க்குப் பதில் EN24 போட்டால் வலிமை கூடும், முறுக்குக் கோணம் குறையாது. G மதிப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. இந்த மெஷினில் வலிமைக்குத் தட்டுப்பாடும் இல்லை. ஒல்லி ஷாஃப்டிலேயே வெட்டுத்தகைவு 28.5 N/mm² தான். சாவிக்காடி வெட்டிய இடத்தில் மட்டும் அது கூடும். அதே சமயம் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்துவிட்டது என்று முழு நீளத்தையும் 25-லிருந்து 24-க்குக் கடைந்தால், அந்த ஷாஃப்டின் முறுக்கம் 18 சதவீதம் ஏறிவிடும். விட்டம் நான்காம் அடுக்கில் போவதால் ஒரு மில்லிமீட்டர் லேசான விஷயமல்ல.

நீளத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. ஷாஃப்டின் முழு நீளத்தை டேப் வைத்து அளந்து போடக் கூடாது. முறுக்குவிசை உள்ளே நுழையும் இடத்திலிருந்து வெளியேறும் இடம் வரைதான் கணக்கு. பினியனைத் தாண்டி அந்தப் பக்கப் பேரிங் வரை நீளும் துண்டு சும்மா கூடவே சுற்றும், முறுக்காது.

கணக்கை மெஷினில் வைத்தே சரிபார்க்கலாம். மோட்டார் இணைப்பைத் துண்டித்து, பெல்ட்டைக் கழற்றி, ரோலரை நகராமல் இறுக்குங்கள். புல்லி இருக்கும் முனையில் ஒரு மீட்டர் நெம்புகோலைக் கிடைமட்டமாகப் பூட்டுங்கள். எடையைத் தொங்கவிட்டு முனை எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். வெறும் நெம்புகோல் நிலையிலிருந்தே அளக்கத் தொடங்கினால் கியர் பல்லின் இடைவெளியும் சேர்ந்து வந்துவிடும். மாடியூல் 4 பினியனில் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே 0.43 டிகிரி, அதாவது நெம்புகோல் முனையில் 7.5 மில்லிமீட்டர். அதனால் முதலில் 3 கிலோ தொங்கவிட்டுப் பல்லெல்லாம் ஒரு பக்கம் அமர்ந்த பிறகு கோடு போடுங்கள். அதன் மேல் 6 கிலோ கூட்டுங்கள். மேலே சொன்ன அளவுகளுக்கு முனை இன்னும் சுமார் 33 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். 19 மில்லிமீட்டர்தான் வரும் என்று எதிர்பார்த்திருந்தால், நீங்கள் மூன்றால் பெருக்க மறந்தவர்.

33-ஐத் தாண்டி 40, 45 என்று போனால் ஷாஃப்டைக் குறை சொல்வதற்கு முன் சாவியையும் ரோலர் இறுக்கத்தையும் பாருங்கள். 6 கிலோவை எடுத்தவுடன் முனை பழைய கோட்டுக்கே திரும்பினால் அது மீள்முறுக்கம். கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டால் சாவி காடியில் நழுவியிருக்கிறது, அல்லது ரோலர் பிடியிலிருந்து அசைந்திருக்கிறது.