நிறுவல் நகராதபோது செய்யக்கூடாதவை

இயற்கை உய்த்தறிதலைப் புதிதாகக் கற்கும் ஒரு மாணவர் சென்ற வாரம் தமது நோட்டைக் காட்டினார். ஒரே கணக்குக்கு ஒரு முழுப்பக்கம் நிரம்பியிருந்தது. அதன் கடைசி வரி முதல் வரியிலிருந்து சற்றும் முன்னேறவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் இதே கணக்கில் இதே இடத்தில் நானும் இரண்டு மாலைகளை இழந்திருக்கிறேன். விதியைத் தவறாக எழுதுவது, வரி எண்ணை மாற்றிப் போடுவது போன்றவற்றைத் திருத்துவோர் எளிதில் கண்டுவிடுவர் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எடுகோளைத் தரப்பட்டதிலிருந்து எடுப்பது

எடுகோள் இலக்கிலிருந்து வரவேண்டும். இலக்கு `P → (Q → R)` எனில், `P`-ஐ எடுகோளாகக் கொள்ளுங்கள்; புதிய இலக்கு `Q → R` ஆகிறது. அடுத்து `Q`-ஐக் கொள்ளுங்கள். இனி `R` மட்டுமே தேவை. ஒவ்வொரு எடுகோளும் அதன்கீழ் வரும் வரிகளைக் கொண்ட ஒரு பெட்டியைத் திறக்கிறது. இந்த இரண்டு பெட்டிகளும் எப்படி மூடப்படும் என்பது திறக்கும்போதே தெரிந்துவிடுகிறது. தரப்பட்ட கூற்றில் `S` கண்ணில் பட்டது என்பதற்காக `S`-ஐ எடுகோளாக்கினால், அந்தப் பெட்டியை மூடும்போது `S → ...` என்று தேவையற்ற ஒன்றே கையில் மிஞ்சும்.

‘அல்லது’ இலக்கைப் பாதியாக நறுக்குவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். அந்த மாணவருக்குத் தரப்பட்டது `¬(P ∧ Q)`. நிறுவ வேண்டியது `¬P ∨ ¬Q`. இரண்டில் ஒன்றை நிறுவினால் ‘அல்லது’ தானே வந்துவிடும் என்று எண்ணி, அவர் `¬P`-ஐ இலக்காக வைத்துக்கொண்டு `P`-ஐ எடுகோளாக்கி முரண்பாட்டைத் தேடினார். அது கிடைக்காமற்போகவே `¬Q`-க்குத் தாவினார். பிறகு மீண்டும் `¬P`-க்கே திரும்பினார்.

அந்த முரண்பாடு எத்தனை பக்கம் எழுதினாலும் கிடைக்காது. `P` மெய், `Q` பொய் என்று வைத்துப் பாருங்கள்: தரப்பட்டது மெய்யாகவே இருக்கிறது, `¬P` மட்டும் பொய்யாகிறது. ஆகவே தரப்பட்டதிலிருந்து `¬P` பின்தொடர்வதில்லை. மதிப்புகளை மாற்றி வைத்தால் `¬Q`-க்கும் இதே கதிதான். முழுக்கூற்று பின்தொடரும், ஆனால் அதன் எந்தப் பாதியும் தனியே பின்தொடராது. ஒரு பாதியை இலக்காக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்ய அரை நிமிடம் போதும். நான் அதைச் செய்யாததால்தான் அந்த இரண்டு மாலைகள் போயின.

வழி, முழு இலக்கையும் மறுத்து எடுகோளாக்குவதுதான். அதன்பின் எந்த முரண்பாட்டை நோக்கிப் போவது என்ற கேள்வி எழும். கையிலுள்ள மறுப்புக் கூற்றுகளைப் பாருங்கள்: `¬(P ∧ Q)` இருப்பதால், அதனோடு மோத `P ∧ Q` வேண்டும், அதற்கு `P`-யும் `Q`-யும் தனித்தனியே வேண்டும்.

```
 1  ¬(P ∧ Q)           தரப்பட்டது
 2  | ¬(¬P ∨ ¬Q)       எடுகோள்
 3  | | ¬P             எடுகோள்
 4  | | ¬P ∨ ¬Q        3
 5  | | ⊥              2, 4
 6  | P                3–5
 7  | | ¬Q             எடுகோள்
 8  | | ¬P ∨ ¬Q        7
 9  | | ⊥              2, 8
10  | Q                7–9
11  | P ∧ Q            6, 10
12  | ⊥                1, 11
13  ¬P ∨ ¬Q            2–12
```

நான்காம் வரியைக் கவனியுங்கள். ‘அல்லது’வைச் சேர்க்கும் அதே விதிதான் இங்கும் பயன்படுகிறது, ஆனால் `¬P` எடுகோளாகக் கையில் இருப்பதால் அது இப்போது நியாயமாகிறது. எதிர்மறுத்து நிறுவும் விதியோ அதுபோன்ற வேறொன்றோ இல்லாமல் இந்த முடிவை எட்டவே முடியாது. அந்த விதியை ஏற்காத உள்ளுணர்வுவாதத் தருக்கத்தில் இக்கூற்று நிறுவத்தக்கதன்று. ஆகவே நேர்வழியில் சிக்கிக்கொள்பவரிடம் திறமைக் குறைவு எதுவும் இல்லை, அங்கே வழியே கிடையாது.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. தரப்பட்டவற்றிலேயே ஒரு ‘அல்லது’ இருந்தால் முதலில் அதை இரு நேர்வுகளாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு நேர்விலும் இலக்கின் ஒரு பாதி நேராகக் கிடைக்கக்கூடும். அப்போது எதிர்மறுப்பு தேவைப்படாது.

எல்லாவற்றுக்கும் எதிர்மறுப்பு

இலக்கு `→` வடிவில் இருந்தால் வேண்டாம்; முன்பகுதியை எடுகோளாக்குவதே குறுகிய வழி.

மூடிய பெட்டியிலிருந்து எடுப்பது

மேலேயுள்ள நிறுவலில் 4-ஆம் வரியும் 8-ஆம் வரியும் ஒரே கூற்று. அதை இரண்டு முறை எழுதுவதற்குக் காரணம், முதலாவது பெட்டி 5-ஆம் வரியோடு மூடப்பட்டுவிட்டது என்பதே. 9-ஆம் வரியில் ‘2, 4’ என்று எழுதுபவர், `¬P` என்ற எடுகோளைக் கைவிட்ட பிறகும் அதன் பலனை வைத்துக்கொள்கிறார்.