பழைய கோபாவின் மேல் புதுப் பூச்சு: மொட்டைமாடி ஒழுகலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை நெருங்கினால் மொட்டைமாடி வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தார் ஷீட் ஒட்டலாமா, சிமென்ட் கோட்டிங் அடிக்கலாமா, பிரிக் பேட் கோபா போடலாமா, மூன்றில் எது நல்லது? பதில் சொல்வதற்குள் ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு மாடி ஏறியிருப்பார்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் ஏறினேன். தண்ணீர் ஓட வாட்டம் இருக்க வேண்டும், தூசியைக் கூட்டிவிட்டு அடிக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

மூன்றும் ஒரே வேலையைச் செய்வதாக நினைப்பது

கோபா என்பது காங்கிரீட் தளத்தின் மேல் கலவை பரப்பி, உடைத்த செங்கற்களை வரிசையாக அடுக்கி, இடுக்குகளை நீர்த்தடுப்பு மருந்து சேர்த்த கலவையால் நிரப்பி, மேலே மட்டம் பூசி முடிப்பது. சராசரியாக நான்கு அங்குல கனம் வரும். நூறு அடிக்கு ஓர் அடி என்ற அளவிலாவது வாட்டம் கொடுப்பதும், வெயில் நேரே தளத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்வதும்தான் அதன் உண்மையான வேலை. நம் ஊர்ப் பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதித்த தளமும் இதே குடும்பம்தான். மேல்பூச்சு விரியாத வரை தண்ணீர் ஓடிவிடும். விரிந்துவிட்டால், தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்க கோபாவில் வேறு ஒன்றும் இல்லை.

கோட்டிங் என்பது பொடியும் பாலிமர் திரவமும் கலந்து பிரஷ்ஷால் இரண்டு கோட் அடிப்பது. கனம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆனால் காங்கிரீட்டோடு ஒட்டி, மயிரிழை வெடிப்புகளை மூடி, கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். தார் ஷீட் மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு மீட்டர் அகலச் சுருளாக வரும். பிரைமர் அடித்து, அடிப்பக்கத்தைத் தீயால் உருக்கி ஒட்டுவார்கள். இந்த இரண்டும் தடுப்புச் சுவர்கள், கோபா வாட்டம் கொடுப்பது. ஆகவே எது நல்லது என்று கேட்பதைவிட எது எதன் கீழே போக வேண்டும் என்று கேட்க வேண்டும். தடுப்பு காங்கிரீட் தளத்தின் மேல் நேராக இருக்க வேண்டும். கோபா அதன் மேல்.

ஒழுகும் கோபாவின் மேல் கோட்டிங் அடிப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் வரவைக்கும் தவறு இது. காரணம், முதல் மழைக்கு வேலை வெற்றி போலவே தெரியும்.

ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன். ஆயிரம் சதுர அடி மாடி, பழைய கோபா, மேலே மட்டப்பூச்சு. ஹாலில் மின்விசிறி தொங்கும் இடத்தில் சொட்டியது. ஒருவர் வந்து மாடி முழுக்க வெள்ளைக் கோட்டிங் அடித்துவிட்டுப் போனார். அடுத்த மழையில் சொட்டவில்லை. அதற்கடுத்த அடைமழைக்குப் பிறகு வீட்டு அம்மா கூப்பிட்டார்: "தம்பி, மழை விட்டு மூணு நாள் ஆச்சு. வெயில் காயுது. இன்னும் சொட்டுது."

அந்தக் கடைசி வார்த்தையிலேயே விடை இருந்தது. மழை பிடித்த கொஞ்ச நேரத்தில் சொட்ட ஆரம்பித்து மழை விட்டதும் நின்றால், தண்ணீர் நேராக ஏதோ ஒரு வழியில் இறங்குகிறது. குழாய் வாய், பெரிய வெடிப்பு, இப்படி ஏதாவது. மறுநாள் ஆரம்பித்து, வெயில் அடித்த பிறகும் நாள் கணக்கில் சொட்டினால், மேலே ஏதோ ஒன்று தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறது. கோபா ஒரு பஞ்சு. கட்டுமானச் செங்கல் தன் எடையில் இருபது சதவீதம் வரை தண்ணீர் உறிஞ்சலாம் என்றே இந்திய நியமம் அனுமதிக்கிறது. ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். நான்கு அங்குல கோபா என்றால் ஏறத்தாழ ஒன்பது கன மீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு இடத்தில் தண்ணீர் நின்றால்கூட 900 லிட்டர். வீட்டுக்காரர்கள் அறியாமல் மேலே இன்னொரு தண்ணீர்த்தொட்டி!

கோட்டிங் அடித்தவர் அந்தத் தொட்டிக்கு மூடி போட்டிருக்கிறார். உள்ளே இருந்த ஈரம் வெயிலில் மேல்வழியாக ஆவியாகிப் போவது நின்றுவிட்டது, இனி அதற்குக் கீழ்வழி மட்டும்தான். புதுத் தண்ணீரும் நுழைந்துகொண்டுதான் இருந்தது. கோட்டிங் கைப்பிடிச் சுவரின் அடியோடு நிறுத்தப்பட்டிருந்தது, சுவரும் மாடியும் சேரும் மூலையில் விரிசல் அப்படியே இருந்தது.

அவசரப்பட்டு இடிக்கச் சொல்லவில்லை. முதலில் மழைநீர்க் குழாய் வாய்க்கு அருகில், மாடியின் தாழ்ந்த பக்கத்தில், ஓர் அடி சதுரத்துக்குக் கோபாவைக் கையால் வெட்டி காங்கிரீட் வரை திறந்தோம். அன்று இரவு மழை இல்லை. மறுநாள் காலையில் குழியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. நாலு பக்கச் செங்கலும் கசிந்துகொண்டிருந்தது. இந்தக் குழிச் சோதனைக்கு ஒரு கொத்தனாரின் அரைநாள் போதும். கோட்டிங் அடிக்கும் முன் இதைச் செய்திருந்தால் அந்த அம்மாவின் பணம் மிஞ்சியிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சொட்டிய இடம் மின்விசிறி, தண்ணீர் நுழைந்த இடமோ பதினைந்து அடி தள்ளியிருந்த சுவர் மூலை. கோபாவுக்கு அடியில் காங்கிரீட்டின் மேல் தண்ணீர் பக்கவாட்டில் ஓடி, தளத்துக்குள் பதித்த மின்குழாயைப் பிடித்துக்கொண்டு, விசிறிப் பெட்டி வழியாக வெளியே வந்திருக்கிறது. கோபா உள்ள மாடியில் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே மட்டும் ஒட்டுப்போடுவது பெரும்பாலும் குருட்டு வேலை.

பிறகு கோபா முழுவதையும் எடுத்தோம். இதிலும் இரண்டு எச்சரிக்கைகள். கனமான பிரேக்கர் மெஷின் வேண்டாம். கீழே இருப்பது ஐந்து அங்குலத் தளம்தான், அதிர்வில் அதுவும் விரியும். இடித்ததை மாடி நடுவில் குவிக்கவும் கூடாது. ஒன்பது கன மீட்டர் என்பது பதினாறு டன்னுக்குக் குறையாது. எடுக்க எடுக்க இறக்கிவிட வேண்டும்.

திறந்த காங்கிரீட்டில் வெடிப்புகளை உளியால் வாய் அகலப்படுத்தி பாலிமர் கலவையால் அடைத்தோம். குழாய்களைச் சுற்றி கிரவுட் ஊற்றினோம். சுவர் மூலைகளில் செங்குத்து மடிப்பு இல்லாமல் கலவையால் வளைத்துப் பூசினோம், இல்லாவிட்டால் கோட்டிங் அந்த மடிப்பில்தான் முதலில் கிழியும். அதன் பிறகே கோட்டிங், சுவரில் ஓர் அடி உயரம் வரை. தண்ணீர் கட்டிப் பார்த்துவிட்டு, காப்புக்கு மெல்லிய கலவை, அதன் மேல் புதுக் கோபா. ஆக, முதலில் வந்தவர் அடித்த அதே வகைக் கோட்டிங்தான். நான்கு அங்குலம் கீழே இருந்தது, அவ்வளவுதான்.

சில வீடுகளில் இடிக்கப் பணம் இருக்காது. அப்போது குழியைத் திறந்து, தண்ணீரை வடியவிட்டு, ஒரு கோடை முழுக்கக் கோபாவைக் காயவைத்து, விரிசல்களையும் மூலைகளையும் சரிசெய்து மேலே அடிக்கலாம். அது சில வருடங்களுக்கான தள்ளிப்போடல் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பழைய கோபா மேல் இன்னொரு கோபா

கூடாது. மொட்டைமாடியில் ஆட்கள் நடமாட இந்திய நியமம் வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ. நான்கு அங்குலக் கோபா அதைத் தனியாகவே தாண்டிவிடும்.

ஈரத்தை இரண்டு பொருளுக்கும் ஒன்றாகப் பார்ப்பது

கோட்டிங் அடித்துப் பழகியவன் தார் ஷீட்டுக்குப் போகும்போது சறுக்குவது இங்கேதான். சிமென்ட் கோட்டிங்குக்குத் தளம் நனைந்திருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் நிற்கக் கூடாது. காய்ந்த காங்கிரீட்டில் அடித்தால் கலவையின் தண்ணீரைத் தளம் உறிஞ்சிவிடும், கோட்டிங் விரலால் தேய்த்தாலே பொடியாக வரும். தார் ஷீட்டுக்கு நேர் எதிர். உள்ளே ஈரம் இருந்தால், கறுப்புப் பரப்பு வெயிலில் சூடேறும்போது அது ஆவியாகி ஷீட்டைத் தூக்கும். காலையில் மிதித்தால் அமுங்கும், மதியம் மறுபடி உப்பும். உப்பிய இடம் மெல்ல ஒட்டுப்பட்டைவரை நகர்ந்து அங்கே வாய் திறக்கும்.

காய்ந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, சாயந்தரம் போட்டு மறுநாள் பாருங்கள். தாளின் அடியில் வியர்த்திருந்தாலோ, காங்கிரீட் அந்த இடத்தில் கறுத்திருந்தாலோ ஷீட்டைச் சுருளாகவே வைத்திருங்கள்.

கோட்டிங்கை ஒரே கோட்டோடு முடிப்பது

முதல் கோட்டில் பிரஷ் விட்ட ஊசித்துளைகளை இரண்டாவது கோட் குறுக்காகப் போனால்தான் மூடும்.

ஷீட்டைச் சுவரோரம் அப்படியே வெட்டி நிறுத்துவது

ஷீட் கைப்பிடிச் சுவரில் அரை அடியாவது ஏறி, அங்கே வெட்டிய காடிக்குள் நுழைந்து, மேலே கலவையால் அடைபட வேண்டும். காடி இல்லாமல் சுவர்ப்பூச்சில் வெறுமனே ஒட்டிய விளிம்பு வெயிலில் பிரிந்துவிடும், சுவரில் வழியும் மழை அதன் முதுகுப்பக்கம் இறங்கும். பக்கவாட்டு ஒட்டு பத்து சென்டிமீட்டர், முனை ஒட்டு பதினைந்து. தாழ்ந்த பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டு ஏறினால், மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் படியும், ஓடும் தண்ணீர் ஒட்டின் வாய்க்கு எதிரே வராது.

தண்ணீர் கட்டிப் பார்க்காமல் மூடிவிடுவது

கோபாவோ ஓடோ மேலே போன பிறகு சோதித்துப் பயனில்லை. தடுப்பு மட்டும் இருக்கும்போதே குழாய் வாய்களை அடைத்து, வாசல்படிப் பக்கம் கலவையால் சிறு வரப்பு கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீரை 48 மணி நேரமாவது நிறுத்துங்கள். அதற்கு மேல் ஆழம் வேண்டாம், ஒவ்வொரு அங்குலமும் சதுர மீட்டருக்கு 25 கிலோ. கோட்டிங் அடித்த மறுநாளே தண்ணீர் கட்டாதீர்கள், டப்பாவில் எழுதியிருக்கும் நாள் முடியட்டும். பெரிய மாடி என்றால் வரப்பு கட்டி மூன்று நான்கு பாத்திகளாகப் பிரித்து ஒவ்வொன்றாக நிரப்புங்கள். எந்தப் பாத்தி நிரம்பும்போது கீழே ஈரம் தெரிகிறதோ, தேட வேண்டிய இடம் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். நிரப்பும்போது கீழே ஒரு ஆள் டார்ச்சோடு இருக்கட்டும், முதலில் மின்விசிறிப் பெட்டியையும் விளக்குப் புள்ளிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். மேலே தண்ணீர் விடும் முன் அந்த அறைகளின் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும்.