பாப்புலேஷன், சாம்பிள், பாராமீட்டர், ஸ்டாட்டிஸ்டிக்: முதலாண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கல்லூரியில் 1,200 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். விடுதியில் இருக்கும் 400 பேருக்கு வகுப்புக்கு வந்து சேர சராசரியாக 5 நிமிடம் போதும். வீட்டிலிருந்து வரும் 800 பேருக்கு 50 நிமிடம் ஆகிறது. நம் கேள்வி: இந்தக் கல்லூரி மாணவர்களின் சராசரிப் பயண நேரம் என்ன?

கேள்வி 1,200 பேரைப் பற்றியது. அதனால் அவர்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் முழுமைத் தொகுதி, அதாவது பாப்புலேஷன். அவர்களின் உண்மையான சராசரி பாராமீட்டர்:

```
μ = (400×5 + 800×50) / 1200 = 35
```

நடைமுறையில் இந்த 35 நமக்குத் தெரியாது. 60 பேரைத் தேர்ந்தெடுத்துக் கேட்கிறோம். சராசரி 33 நிமிடம் வருகிறது. அந்த 60 பேர் மாதிரி, அதாவது சாம்பிள். 33 என்பது ஸ்டாட்டிஸ்டிக். அதை x̄ என்று எழுதுவோம்.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. விடைத்தாளில் "கல்லூரியின் சராசரி 33 நிமிடம்" என்று எழுதிவிடுகிறார்கள். வேறு 60 பேரைக் கேட்டிருந்தால் 38 வந்திருக்கலாம். மாதிரி மாறினால் x̄ மாறும்; μ அசையாது. "சராசரி சுமார் 33 நிமிடம் என மதிப்பிடுகிறோம்" என்பதே சரி. μ = 33 என்று எழுதினால் குறியீடும் தவறு, பொருளும் தவறு.

இதைவிடப் பெரிய தவறு, கண்ணில் படாத தவறு, மாதிரி எடுக்கும் இடத்தில் இருக்கிறது. காலையில் வாசலருகே பேருந்து நிறுத்தத்தில் நின்று 60 பேரைக் கேட்டால் விடுதி மாணவர் ஒருவர்கூட அதில் வரமாட்டார். கிடைக்கும் சராசரி 50 நிமிடத்தை ஒட்டியே இருக்கும். "மாதிரி சிறியது, அதனால்தான்" என்று 300 பேரைக் கேட்டாலும் அதே 50தான். எண்ணிக்கையைக் கூட்டினால் தற்செயலான ஏற்ற இறக்கம் குறையும். ஒருபக்கச் சாய்வு குறையாது. கல்லூரியின் முழுப் பெயர்ப்பட்டியலை எடுத்து, 1 முதல் 1,200 வரை எண் கொடுத்து, சீட்டுக் குலுக்கி 60 பேரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மாதிரியில் விடுதி மாணவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். 20 பேர் அளவில் இருக்க வேண்டும். சில பேர் கூடலாம், குறையலாம். ஒருவருமே இல்லையென்றால் பட்டியலில் விடுதி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு குழப்பம்: "50 பேர்தானே, இது மாதிரிதான்" என்று ஆள் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்வது. உங்கள் வகுப்பின் சராசரி மட்டும்தான் கேள்வி, வகுப்பில் உள்ள 50 பேரையும் கேட்டுவிட்டீர்கள் என்றால், அந்த 50 பேரே முழுமைத் தொகுதி, கிடைத்தது பாராமீட்டர். அதே எண்ணை வைத்துக் கல்லூரி முழுவதைப் பற்றியும் சொல்ல முற்பட்டால் அது ஸ்டாட்டிஸ்டிக் ஆகிவிடும், அதுவும் குலுக்கல் இல்லாமல் எடுத்த மாதிரியின் ஸ்டாட்டிஸ்டிக்.