“கொஞ்சம் பொறு” என்பவரிடம் நிச்சயதார்த்தம் பற்றிப் பேசும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஆறேழு வருடம் பழகியாகிவிட்டது. ஒருவர் தட்டு மாற்றத் தயார். இன்னொருவர் “கொஞ்சம் பொறு” என்கிறார். இங்கே பலரும் செய்யும் முதல் தவறு, தயக்கம் எதைப் பற்றியது என்று பார்க்காமல் “அவனுக்குப் பயம்”, “அவளுக்கு இஷ்டமில்லை” என்று முடிவுகட்டிவிடுவது.

தயக்கம் பெரும்பாலும் மூன்று விதமாக வரும். பணம், வேலை, வீட்டில் கல்யாணமாகாத அக்கா போன்ற சூழ்நிலை ஒன்று. பெற்றோரின் சண்டையைப் பார்த்து வளர்ந்தவருக்குக் கல்யாணம் என்றாலே வரும் அச்சம் இன்னொன்று. வாய்விட்டுச் சொல்லக் கூசுவது மூன்றாவது: “இவரோடுதானா?” என்ற சந்தேகம். மூன்றாவதைச் சொல்ல முடியாதவர்கள் முதலாவதைச் சொல்வார்கள். அங்கேதான் வருடங்கள் ஓடிவிடுகின்றன.

ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் 29 வயது, ஏழு வருடப் பழக்கம். “அக்கா கல்யாணம் முடியட்டும்” என்றான் பையன். முடிந்தது. “அந்தக் கல்யாணக் கடன் அடையட்டும்” என்றான். கடன் பாதி அடைந்ததும் “வேலை மாறப்போறேன், அப்புறம் பேசலாம்” என்றான். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒன்று தீர்ந்ததும் அடுத்தது முளைத்தால், தடை வெளியே இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். அந்தப் பெண் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “நாளைக்கே கடன் மொத்தமும் அடைஞ்சிடுச்சுன்னு வை. தை மாசம் நிச்சயம் வச்சுக்கலாமா?” முகம் தெளிந்து மண்டபம், செலவு என்று பேச்சு நகர்ந்தால் சிக்கல் கடன்தான். “ஏன் இப்படியெல்லாம் கேக்குற?” என்று எரிச்சல் வந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. ஒரு தடவை வந்த எரிச்சலை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. வேறொரு நாள், சாப்பிட்ட பிறகு, அவசரமில்லாத நேரத்தில் மறுபடி கேட்டுப் பாருங்கள்.

அதற்காகத் தினமும் கேட்பது அடுத்த தவறு. ஒருவர் துரத்தத் துரத்த மற்றவர் ஒதுங்குவார். ஒதுங்குவதைப் பார்த்துத் துரத்தல் கூடும். தயங்குபவர் தன் மனதை யோசிப்பதை விட்டுவிட்டு உங்களிடமிருந்து தப்பிப்பதிலேயே குறியாகிவிடுவார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் என்று ஒதுக்கிப் பேசுங்கள். நடுவில் அந்தப் பேச்சே வேண்டாம். நண்பரையோ அம்மாவையோ தூது அனுப்புவது அதைவிட மோசம், ஏனென்றால் அவர்களிடம் கிடைப்பது மரியாதைக்கான பதில்.

கெடு வைப்பது தவறில்லை, வைக்கும் விதத்தில்தான் தவறு நேர்கிறது. “பொங்கலுக்குள்ள சொல்லலைன்னா எங்க வீட்டுல வேற இடம் பார்ப்பாங்க” என்பது மிரட்டல். அதற்கு வரும் “சரி” உங்களை இழக்கும் பயத்தில் வந்தது. “மூணு மாசம் காத்திருக்கேன். அதுக்குள்ள உனக்கு எது தெளிவாகணும்னு சொல்லு. அப்பவும் தெளிவில்லைன்னா நான் விலகிக்கிறேன்” என்பது உங்கள் முடிவைச் சொல்வது. இதைச் சொல்லிவிட்டு நான்காவது மாதமும் காத்திருந்தால் அடுத்த கெடுவை யாரும் மதிக்க மாட்டார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நிச்சயத்தையே தயக்கத்துக்கு மருந்தாகக் கொடுப்பது. “தட்டு மாத்திட்டா எல்லாம் சரியாயிடும்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் புதிதாக மணமான 232 ஜோடிகளிடம் கல்யாணத்துக்கு முன் தயக்கம் இருந்ததா என்று கேட்டு, நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2012இல் வெளியானது. தயங்கிய மனைவியரில் 19 சதவீதம் பேர் அதற்குள் விவாகரத்து ஆகியிருந்தார்கள். தயங்காதவர்களில் 8 சதவீதம். தயங்கியவர்களிலும் பெரும்பாலோர் சேர்ந்தே இருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அது அமெரிக்கக் கணக்கு, அப்படியே நமக்குப் பொருந்தாது. ஆனால் நம் ஊரில் நிச்சயத்துக்குப் பின் பின்வாங்குவது இன்னும் கடினம்: மண்டப முன்பணம், நகை, சொந்தக்காரர்கள் கண்ணில் பட்ட புகைப்படங்கள், பெண் வீட்டார் மேல் விழும் பேச்சு. இத்தனையும் சேர்ந்து தள்ளும்போது, தயங்கியவர் முடிவெடுக்காமலேயே மணமேடைக்கு வந்துவிடுகிறார். அதனால் வாயால் தெளிவான “சரி” வரும்வரை மண்டபத்துக்குப் பணம் கட்டாதீர்கள். அவராகவே தன் வீட்டில் பேசினாரா என்பதையும் பாருங்கள். உங்களிடம் மட்டும் சொன்ன “சரி” பாதிதான்.

“ஏழு வருஷத்தை வீணாக்கவா?” என்ற வாதம் இருவரையும் சிக்கவைக்கும். போன வருடங்கள் நிச்சயம் செய்தாலும் செய்யாவிட்டாலும் திரும்ப வராது. இதே ஆளை ஆறு மாதத்துக்கு முன்புதான் சந்தித்திருந்து, இன்று அவரைப் பற்றித் தெரிந்த எல்லாமும் அப்போதே தெரிந்திருந்தால் சம்மதிப்பீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தயங்குபவர் மட்டுமல்ல, அவசரப்படுபவரும் இதற்குத் தனியாக உட்கார்ந்து பதில் எழுத வேண்டும். தயார் என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அங்கே வேறு பதில் வருவதும் உண்டு.